m/(m+n): எல்லை எடுக்கும் ஒழுங்கு மாறினால் விடை மாறும் (முழுமையான வழிகாட்டி)

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு விறாந்தையில், பின்னேரங்களில் பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகள் சிலரோடு இருந்து கணிதப் பகுப்பாய்வு படிக்கிறோம். எல்லோரும் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்து வந்தவர்கள். ஒரு சுட்டியில் எல்லை எடுப்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இரண்டு சுட்டிகள் வந்தவுடன் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்டுவதற்கு m/(m+n) என்ற ஒரேயொரு பின்னம் போதும். எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்பதுதான் இங்கே முக்கியம். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

## 1. தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது

ஒரு தொடரியின் எல்லைக்கான வரைவிலக்கணத்தைப் பார்க்காமல் எழுதத் தெரிய வேண்டும். "எந்த நேர் எண் ε தந்தாலும், ஒரு N கிடைக்கும்; அந்த N-க்கு அப்பால் உள்ள எல்லா உறுப்புகளும் L-இலிருந்து ε-க்குக் குறைந்த தூரத்தில் இருக்கும்." இதில் "ஒரு N கிடைக்கும்" என்ற பகுதியை அடிக்கோடிட்டு வையுங்கள். முழு விஷயமும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

1/n பூச்சியத்தை நோக்கிப் போகிறது என்பதும், ஒரு மாறாத எண்ணால் பெருக்கினாலும் அது பூச்சியத்துக்கே போகும் என்பதும் தெரிந்தால் போதும். இதற்கு மேல் தேற்றம் எதுவும் வேண்டாம். ஒரு சதுரக்கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

## 2. முதலில் அட்டவணை போடுங்கள்

`a(m,n) = m/(m+n)` என்று எழுதியவுடன் கை தானாகவே `lim` போடப் பார்க்கும். அதை நிறுத்திவிட்டு அட்டவணை ஒன்றை வரையுங்கள். m என்பது நிரை இலக்கம், n என்பது நிரல் இலக்கம். இரண்டுமே 1, 2, 3 என்று போகும் இயற்கை எண்கள். எல்லாவற்றையும் எழுத இடம் போதாது என்பதால் 1, 10, 100, 1000 ஆகியவற்றை மட்டும் எடுப்போம்.

```
          n=1     n=10    n=100   n=1000
m=1      0.5000  0.0909  0.0099  0.0010
m=10     0.9091  0.5000  0.0909  0.0099
m=100    0.9901  0.9091  0.5000  0.0909
m=1000   0.9990  0.9901  0.9091  0.5000
```

அட்டவணை ஏன் வேண்டும்? ஒரு சுட்டி உள்ள தொடரியில் போவதற்கு ஒரே பாதைதான் உண்டு: வலப்பக்கம். இங்கே வலப்பக்கமும் போகலாம், கீழேயும் போகலாம், சரிவாகவும் போகலாம். சூத்திரத்தைப் பார்த்தால் இது தெரியாது. அட்டவணையைப் பார்த்த அடுத்த கணமே தெரிந்துவிடும்.

பின்னத்துக்குப் பொருள் ஒன்று வேண்டுமென்றால் தேத்தண்ணிக் கடையை நினையுங்கள். m கோப்பை பாலில் n கோப்பை தண்ணீர் கலந்தால், கலவையில் பாலின் பங்கு m/(m+n). பாலின் அளவை மாற்றாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பாலின் பங்கு பூச்சியத்தை நோக்கிப் போகும். தண்ணீரின் அளவை மாற்றாமல் பாலை ஊற்றிக்கொண்டே போனால் அது 1-ஐ நோக்கிப் போகும். எண்கள் குழப்பும்போது இந்தக் கோப்பைகளுக்குத் திரும்பி வாருங்கள், எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெளியும்.

## 3. அடைப்புக்குறி போடாமல் எல்லை எழுதாதீர்கள்

பாடநூல்களில் இரண்டு `lim` பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்படியே பிரதி செய்தால் எதை முதலில் எடுப்பது என்பது கண்ணில் படாமல் போகும். எப்போதும் இப்படி எழுதுங்கள்:

```
lim(m→∞) [ lim(n→∞) a(m,n) ]
lim(n→∞) [ lim(m→∞) a(m,n) ]
```

உள்ளே இருப்பதுதான் முதலில் நடக்கும். முதலாவதில் ஒவ்வொரு நிரையையும் அதன் முடிவு வரை வலப்பக்கம் கொண்டுபோய், கிடைக்கும் எண்ணை அந்த நிரையின் ஓரத்தில் எழுதி வைக்கிறோம். பிறகு ஓரத்தில் சேர்ந்த எண்களைப் பார்த்துக் கீழே இறங்குகிறோம். இரண்டாவதில் ஒவ்வொரு நிரலையும் கீழே கொண்டுபோய், கிடைக்கும் எண்களை அடியில் எழுதி, பிறகு வலப்பக்கம் நகர்கிறோம்.

இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய நமக்கு, இடப்பக்கம் நிற்கும் `lim` முதலில் நடப்பதுபோலத் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு விடைகளும் இடம் மாறிவிடும். கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் விடை பிழைப்பது அநேகமாக இதனால்தான்.

## 4. நிரை வழியே: m-ஐ நிறுத்தி n-ஐ ஓடவிடுங்கள்

ஒரு m-ஐத் தெரிந்தெடுங்கள். "m மாறாது" என்று கொப்பியில் எழுதுங்கள். எழுதத்தான் வேண்டும், மனதில் நினைத்தால் போதாது. பகுதியெண் m+n என்பது n-ஐவிடப் பெரியது. ஆகவே

```
0 < m/(m+n) < m/n
```

m மாறாத எண் என்பதால் m/n என்பது m × (1/n). அது பூச்சியத்துக்குப் போகிறது. நடுவில் அகப்பட்ட நமது பின்னமும் பூச்சியத்துக்குப் போகிறது. எந்த m-ஐ எடுத்திருந்தாலும் இதே வாதம் செல்லும். ஆகவே ஒவ்வொரு நிரையின் ஓரத்திலும் 0 என்று எழுதுகிறோம்.

இப்போது வெளி எல்லை. ஓரத்தில் இருப்பது 0, 0, 0, ... என்ற தொடரி. அதன் எல்லை 0. கணக்கு முடிந்தது.

இந்த இடத்தில் சிலர் "இனி m-உம் முடிவிலிக்குப் போகிறதே" என்று பழைய பின்னத்தை மறுபடி எடுத்து அதற்குள் m-ஐப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். அந்தப் பின்னம் இப்போது இல்லை. உள் எல்லை முடிந்தவுடன் n மறைந்துவிட்டது. கையில் மிஞ்சியிருப்பது ஓரத்து எண்கள் மட்டுமே. `b(m) = 0` என்று புதுப்பெயர் கொடுத்து எழுதினால் இந்தப் பிழை வராது.

## 5. நிரல் வழியே: n-ஐ நிறுத்தி m-ஐ ஓடவிடுங்கள்

இப்போது n மாறாது. பின்னம் 1-ஐ நோக்கிப் போவதாக அட்டவணை சொல்கிறது. அதனால் 1-இலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதே சுருக்கமான வழி:

```
1 - m/(m+n) = n/(m+n) < n/m
```

n மாறாத எண், ஆகவே n/m பூச்சியத்துக்குப் போகிறது. ஒவ்வொரு நிரலின் அடியிலும் 1 என்று எழுதுகிறோம். 1, 1, 1, ... என்பதன் எல்லை 1.

ஒரே அட்டவணை, ஒரே எண்கள். ஒரு ஒழுங்கில் 0, மற்ற ஒழுங்கில் 1. இரண்டும் சரியான விடைகள். இரண்டில் எங்கேயோ பிழை இருக்கவேண்டும் என்று தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வழக்கமாக வரும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பழக்கத்தில் தொகுதியெண்ணையும் பகுதியெண்ணையும் m-ஆல் வகுத்து `1/(1 + n/m)` என்று எழுதுவார்கள். அதுவரை சரி. பிறகு எந்தச் சுட்டி ஓடுகிறது என்று பார்க்காமலே "n/m பூச்சியம்" என்று போட்டுவிடுவார்கள். m ஓடும்போது அது பூச்சியத்துக்குப் போகும்; n ஓடும்போது முடிவில்லாமல் பெருகும். நான்காம் படியில் "m மாறாது" என்று எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

## 6. N-ஐக் கண்டுபிடியுங்கள்: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

இவ்வளவையும் சரியாகச் செய்தபிறகும் ஒரு தங்கச்சி பேனையை வைத்துவிட்டுக் கேட்டா: "ரெண்டும் முடிவிலிக்குத்தானே போகுது சேர், எதை முதல் எடுத்தா என்ன?"

நல்ல கேள்வி. விடை சொல்லாமல் அவவிடம் ஒரு வேலை கொடுத்தேன். "சரி, ஒவ்வொரு நிரையிலும் பின்னம் 1/10-க்குக் கீழே எப்ப இறங்குது எண்டு பாருங்கோ."

நீங்களும் செய்யுங்கள். `m/(m+n) < 1/10` என்றால் 10m < m+n, அதாவது n > 9m. முதலாம் நிரையில் n = 10 இலிருந்து இது நடக்கிறது. பத்தாம் நிரையில் n = 91 வரை காத்திருக்க வேண்டும். ஆயிரமாவது நிரையில் 9001 வரை.

அதாவது வரைவிலக்கணத்தில் அடிக்கோடிட்ட அந்த N ஒவ்வொரு நிரைக்கும் வேறு வேறு. கீழே இறங்க இறங்க அது தள்ளித் தள்ளிப் போகிறது. "எல்லா நிரைகளும் பூச்சியத்துக்குப் போகின்றன" என்பது உண்மை. "எல்லா நிரைகளும் ஒரு கட்டத்துக்குப் பிறகு சேர்ந்தாற்போல் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கின்றன" என்பது பொய். அப்படி ஒரு கட்டமே இல்லை. n = 9001 என்ற நிரலில் நின்று மேலே பார்த்தால் ஆயிரம் நிரைகள் 1/10-க்குக் கீழே அடங்கிக் கிடக்கின்றன. அதே நிரலில் பத்து இலட்சமாவது நிரைக்கு இறங்கிப் பாருங்கள்: 1000000/1009001, கிட்டத்தட்ட 0.991. அந்த நிரை பூச்சியத்தை நோக்கிய பயணத்தை இன்னும் சரியாகத் தொடங்கக்கூட இல்லை.

எந்த நிரலில் நின்றாலும் அதே நிலைதான். அடங்கிய நிரைகள் முடிவுள்ள அளவு, அடங்காதவை முடிவில்லாத அளவு. நிரல் வழியே கீழே போகும்போது நாம் பார்ப்பது அந்த அடங்காத நிரைகளை. அதனால்தான் அங்கே 1 கிடைக்கிறது. நிரை வழியே போகும்போது ஒவ்வொரு நிரையும் அடங்கும் வரை, எவ்வளவு நேரம் எடுத்தாலும், காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்கு இறங்குகிறோம். அதனால் 0. எதை முதலில் எடுக்கிறோம் என்பது, யாருக்காக யார் காத்திருக்கிறார் என்ற கேள்வி.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பின்னத்தை எடுங்கள்: `1/(m+n)`. இது 1/10-க்குக் கீழே போக n எவ்வளவு இருக்க வேண்டும்? n = 10 என்றால் m+n குறைந்தது 11, ஆகவே பின்னம் அதிகபட்சம் 1/11. எந்த m ஆனாலும் சரி. ஒரே N, அதாவது 10, எல்லா நிரைகளுக்கும் போதும். இந்தப் பின்னத்தில் இரண்டு ஒழுங்கும் 0 தருகின்றன. இந்த இரண்டு பின்னங்களையும் அடுத்தடுத்து எழுதி, N-க்கான விடையில் m வருகிறதா இல்லையா என்று பாருங்கள். ஒன்றில் 9m, மற்றதில் வெறும் 10. தங்கச்சி இதை எழுதி முடித்தபிறகு தன் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

## 7. சரிவாக நடந்து பாருங்கள்

இரண்டு சுட்டிகளையும் ஒன்றாகவே பெரிதாக்கினால் என்ன? m = n என்று போனால் பின்னம் எப்போதும் 1/2. n = 2m என்று போனால் 1/3. n = 9m என்று போனால் 1/10. அட்டவணையில் சரிவுகளில் 0.5000, 0.0909, 0.9091 திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். பின்னம் n/m என்ற விகிதத்தை மட்டுமே சார்ந்தது, அதனால்தான்.

கல்குலேட்டர் ஏமாற்றுவதும் இங்கேதான். m, n இரண்டுக்கும் 1000 போட்டு, பிறகு இரண்டுக்கும் 1000000 போட்டுப் பார்த்து, "எல்லை 0.5" என்று எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் பார்த்தது ஒரேயொரு பாதையை.

இரண்டு சுட்டிகளுக்கும் சேர்த்து ஒரே எல்லை, அதாவது இரட்டை எல்லை, L இருக்க வேண்டுமென்றால், ஒரு N-க்குப் பிறகு m, n இரண்டும் N அல்லது அதற்கு மேல் இருக்கும் எல்லா இடங்களிலும் பின்னம் L-க்குக் கிட்ட இருக்க வேண்டும். ε = 1/10 என்று எடுங்கள். நீங்கள் எந்த N-ஐச் சொன்னாலும் (N, N) இல் பெறுமானம் 1/2, (N, 9N) இல் 1/10. இரண்டுக்கும் இடையில் 4/10 தூரம். இரண்டுமே L-இலிருந்து 1/10-க்குக் குறைந்த தூரத்தில் இருந்தால், அவற்றுக்கு இடையிலான தூரம் 2/10-க்குக் குறைவாக இருக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே இரட்டை எல்லை இல்லை.

## 8. இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் அவசரப்படாதீர்கள்

இவ்வளவும் விளங்கியபிறகு வரும் பிழை இது: "இரண்டு ஒழுங்கும் வேறுபட்டால் இரட்டை எல்லை இல்லை. அப்படியானால் ஒத்துப்போனால் இருக்கிறது." முதல் வசனம் சரி, உள் எல்லைகள் இருக்கும் வரை. இரண்டாவது பிழை.

`mn/(m²+n²)` என்பதை எடுங்கள். m மாறாமல் n ஓடினால், இது m/n-ஐவிடச் சிறியது, ஆகவே 0. m, n இடம் மாறினாலும் சூத்திரம் மாறாது என்பதால் மற்ற ஒழுங்கிலும் 0. இரண்டும் அழகாக ஒத்துப்போகின்றன. ஆனால் m = n என்று போட்டால் m²/(2m²), எப்போதும் 1/2. இரட்டை எல்லை இல்லை. அதனால் இரண்டு ஒழுங்கிலும் ஒரே விடை வந்தாலும் ஒரு சரிவையாவது நடந்து பார்த்துவிட்டுத்தான் பேனையை வையுங்கள்.

## 9. எப்போது ஒழுங்கை மாற்றலாம்

ஆறாம் படியில் பார்த்ததுதான் நிபந்தனை. உள் எல்லையில் வரும் N வெளிச் சுட்டியைச் சாராமல் இருக்க வேண்டும். இதைச் சீரான ஒருங்கல் என்பார்கள். n ஓடும்போது நிரைகள் எல்லாம் சீராக ஒருங்கி, m ஓடும்போது ஒவ்வொரு நிரலுக்கும் எல்லை இருந்தால், இரண்டு ஒழுங்கும் இரட்டை எல்லையும் ஒரே எண்ணைத் தரும். இது மூர்–ஒஸ்குட் தேற்றம். இரண்டு திசையிலும் சீராக இருக்கத் தேவையில்லை, ஒரு திசை போதும் என்பதைக் கவனியுங்கள்.

N-ஐத் தேடாமலே ஒழுங்கை மாற்றக்கூடிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அட்டவணையில் வலப்பக்கம் போனாலும் கீழே போனாலும் எண்கள் குறையாமல், ஒரு வரம்புக்குள் நின்றால், இரண்டு ஒழுங்கும் அட்டவணை முழுவதன் மிகச்சிறிய மேல்வரம்பையே தரும். நமது m/(m+n) கீழே போகும்போது கூடுகிறது, வலப்பக்கம் போகும்போது குறைகிறது. இழுபறி அந்த இடத்திலேயே தெரிகிறது.

## 10. நீங்களே செய்து பார்க்க ஒன்று

`(1 - 1/m)^n` என்பதை இதே ஒழுங்கில் செய்யுங்கள்: அட்டவணை, அடைப்புக்குறி, நிரை, நிரல், N, சரிவு.

நிரைகள் 0 தரவேண்டும், நிரல்கள் 1 தரவேண்டும். 1/10-க்குக் கீழே இறங்கும் இடம் m = 2 இல் n = 4, m = 10 இல் n = 22, m = 100 இல் n = 230. இந்த எண்கள் வரவில்லையென்றால் அடுக்கை எங்கேயோ தவறவிட்டிருக்கிறீர்கள். m = n = 100 இல் ஏறக்குறைய 0.366 வரும். அந்தச் சரிவில் மேலும் போனால் 1/e, அதாவது 0.3679-ஐ நெருங்கும்.

செய்து முடித்தபிறகு 1 - 1/m என்பதற்குப் பதிலாக x என்று எழுதிப் பாருங்கள். கையில் இருப்பது x^n. 0-இலிருந்து 1 வரையான ஆயிடையில் ஒவ்வொரு x^n-உம் தொடர்ச்சியான சார்பு, ஆனால் n முடிவிலிக்குப் போகும்போது x = 1 இல் மட்டும் 1, மற்ற எல்லா இடத்திலும் 0. தொடர்ச்சியான சார்புகளின் எல்லை உடைந்துபோகும் அந்த இடம், நீங்கள் இப்போது நிரையிலும் நிரலிலும் கண்ட அதே 0-உம் 1-உம்தான்.